'தன்போட்டி' சரியான சொல்லா? ஆட் செட் மோதலுக்கு ஒரு தமிழ்ச்சொல்

கயல்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

இணைய விளம்பரம் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். மெட்டா விளம்பரங்கள் பற்றிய அத்தியாயத்தில் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டேன். ஒரே கணக்கில் நாலைந்து ஆட் செட், அதாவது ஒரே ஆடியன்ஸுக்கு ஓடும் விளம்பரத் தொகுப்புகள், ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி ஆடியன்ஸ் கொடுத்திருந்தாலும் அவற்றுக்குள் பாதிப் பேர் அதே ஆட்கள்தான். அதனால் விளம்பர இடத்துக்கு மெட்டா நடத்தும் ஏலத்தில் நம் விளம்பரமே நம் விளம்பரத்தோடு மோதுகிறது. இதற்கு இப்போதைக்குத் 'தன்போட்டி' என்று போட்டு வைத்திருக்கிறேன். இப்படிச் சிதறிக் கிடக்கும் ஆட் செட்களை ஒன்றாக்கும் வேலைக்கு 'ஒருங்கிணைப்பு'. இரண்டும் பொருந்துமா? இதைவிட நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.

பூங்கோதை எழுதியது:

கயல், தன்போட்டி நன்றாகவே இருக்கிறது. 'தன்னேலம்' என்றால் இன்னும் சுருக்கம். நம் வலது கை பத்து என்று கேட்க, இடது கை பதினொன்று என்று கேட்கிறது. வேறு யாருமே கேட்காத பொருளுக்கு நாமே விலையை ஏற்றிவிடுகிறோம். இதன் சாரமே விலையேற்றம்தான், அது சொல்லில் தெரிய வேண்டும்.

அன்வர் எழுதியது:

பூங்கோதை அக்கா சொல்வதுதான் பரவலான நம்பிக்கை, நானும் பல நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் மெட்டாவில் நடப்பது அது இல்லை.

ஒருவர் செயலியைத் திறந்ததும் அவருக்கு விளம்பரம் காட்ட ஓர் இடம் உருவாகிறது. அந்த இடத்துக்கு ஒரே விளம்பரதாரரின் மூன்று ஆட் செட் தகுதி பெற்றால், மூன்றும் ஏலத்துக்குள் போவதில்லை. மொத்த மதிப்பு எதற்கு அதிகமோ அது மட்டும் உள்ளே போகும், மற்ற இரண்டும் வாசலிலேயே நிறுத்தப்படும். மொத்த மதிப்பு என்பது கேட்ட விலை மட்டும் இல்லை. அவர் வாங்குவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்ற கணிப்பும் விளம்பரத்தின் தரமும் அதில் சேரும். எனவே வலது கை, இடது கை உவமை அங்கே நிற்காது. ஒரு கையைக் கட்டிப்போட்டுவிட்டுத்தான் ஏலம் தொடங்குகிறது.

அப்படியானால் நட்டம் எங்கே என்று கேட்பீர்கள். வாசலில் நின்றுபோன ஆட் செட், கொடுத்த பட்ஜெட்டைச் செலவழிக்காமல் கிடக்கும். அதைவிடப் பெரிய நட்டம், யாருக்குக் காட்டினால் பலன் வரும் என்று அது கற்றுக்கொள்ளாது. ஓர் ஆட் செட் கற்றல் கட்டத்தைத் தாண்ட, கடைசியாகப் பெரிய திருத்தம் செய்த பிறகு ஒரு வாரத்துக்குள் சுமார் 50 விளைவுகள் வேண்டும். விளைவு என்றால் நாம் எதற்காக ஓட்டுகிறோமோ அது. வாங்குதலுக்கு ஓட்டினால் 50 வாங்குதல். கணக்கு முழுவதற்கும் வாரத்துக்கு 60 வாங்குதல்தான் வருகிறது, அதையும் ஆறாகப் பிரித்துவிட்டோம் என்றால் ஒன்றும் தேறாது. திரையில் Learning limited என்று வந்து நிற்கும். அப்போது ஒரு விற்பனைக்கான செலவு ஏறத்தான் செய்யும். அதனால் அக்கா கண்ட விலையேற்றம் பொய் இல்லை, அதன் காரணம்தான் வேறு.

ஆகவே 'தன்போட்டி'யும் 'தன்னேலம்'மும் வாசகரைத் தவறான இடத்தில் தேடவைக்கும். விலை மேல் கண் வைப்பார்களே தவிர, செலவாகாத பட்ஜெட்டைப் பார்க்க மாட்டார்கள்.

ஸ்டீபன் எழுதியது:

நான் இந்தத் துறைக்காரன் இல்லை, தையல் வகுப்பு நடத்துகிறேன். எனக்கும் இதே பிரச்சினைதான் வந்தது. ஒரே ஆளுக்கு வாரத்தில் எட்டு ஒன்பது முறை என் விளம்பரம் போயிருக்கிறது. "ஏன் துரத்துகிறீர்கள்" என்று ஒருவர் கமெண்டிலேயே எழுதிவிட்டார். விளம்பரத்தைக் கவனித்தவர், ஓவர்லேப், அதாவது ஒரே ஆட்கள் பல ஆட் செட்டில் வருவதுதான் காரணம் என்று சொல்லிக் கூடுதல் கட்டணமும் வாங்கிக்கொண்டார். என்னைக் கேட்டால் இதற்குப் பெயர் 'தொல்லை'.

அன்வர் எழுதியது:

ஸ்டீபன் அண்ணா, உங்களிடம் எத்தனை ஆட் செட் ஓடியது? ஒன்றுதான் என்றால் அது ஓவர்லேப்பே இல்லை. ஆடியன்ஸ் சின்னது, பட்ஜெட் பெரிது. காட்ட வேறு ஆள் இல்லாததால் அதே ஆட்களிடம் திரும்பத் திரும்பப் போயிருக்கிறது. ஆடியன்ஸை அகலமாக்க வேண்டும், இல்லையென்றால் பட்ஜெட்டைக் குறைக்க வேண்டும். ஒன்றாக்குவதற்கு அங்கே எதுவும் இல்லை.

ஸ்டீபன் எழுதியது:

ஒன்றுதான். சரி, கட்டிய காசு போனது போனதுதான்.

மாசிலாமணி எழுதியது:

கணக்கு ஆசிரியனாக இருந்தவன், அதனால் என் பக்கத்திலிருந்து ஒரு யோசனை. பள்ளிக் கணக்கில் இதற்குச் சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. செட் என்பதைக் கணம் என்கிறோம். இரண்டு கணங்களுக்கும் பொதுவானது வெட்டு, இரண்டையும் ஒன்றாக்கினால் சேர்ப்பு. ஓவர்லேப்பை 'வெட்டு' என்றும் ஒன்றாக்குவதைச் 'சேர்ப்பு' என்றும் சொல்லிவிடலாமே. ஒன்றாக்கிய பிறகு எத்தனை பேர் இருப்பார்கள் என்ற கணக்கும் கையோடு வந்துவிடும்:

```
n(A∪B) = n(A) + n(B) − n(A∩B)
```

கயல்விழி எழுதியது:

ஐயா, 'சேர்ப்பு' மிகவும் பிடித்திருக்கிறது. 'ஒருங்கிணைப்பு' எந்த அரசாணையிலும் வரும் சொல், இது துல்லியமாக இருக்கிறது. ஆனால் 'வெட்டு' என்றதும் விளம்பரக்காரர்கள் பட்ஜெட் வெட்டு என்றுதான் படிப்பார்கள். 'மேற்கவிவு' என்றால் என்ன?

அன்வர், வெறும் ஆட்கள் பொதுவாக இருப்பதற்கும் வாசலில் நிறுத்தப்படுவதற்கும் ஒரே சொல் போதுமா?

அன்வர் எழுதியது:

போதாது. இங்கேதான் இரண்டு சொல் வேண்டும்.

ஆட்கள் பொதுவாக இருப்பது ஒன்று. அதை ஆடியன்ஸ் பட்டியலில் இரண்டைத் தேர்ந்தெடுத்து Show audience overlap கொடுத்தால் பார்க்கலாம். அந்தச் சதவீதத்தைப் படிக்கும்போது எது அடிப்படை என்று கவனிக்க வேண்டும். நம் வாடிக்கையாளர்களைப் போன்றவர்களை மெட்டாவே தேடித் தருவது லுக்அலைக். 1% லுக்அலைக், 3% லுக்அலைக் என்று இரண்டு வைத்திருக்கிறீர்கள், 3% என்பது பூஜ்யத்திலிருந்து எடுத்தது என்று வையுங்கள். சின்னது முழுக்கப் பெரியதற்குள் இருக்கிறது. சின்னதை அடிப்படையாக வைத்தால் 100% காட்டும், பெரியதை வைத்தால் சுமார் 33%. "33 தானே" என்று விட்டவர்கள் உண்டு.

ஏலத்தின் வாசலில் சந்தித்துக்கொள்வது இன்னொன்று. ஆடியன்ஸ் பல லட்சம், பட்ஜெட் சின்னது என்றால் முக்கால்வாசி ஆட்கள் பொதுவாக இருந்தாலும் இரண்டு ஆட் செட்டும் ஒரே ஏலத்தின் வாசலில் சந்திப்பது அபூர்வம். ஆடியன்ஸ் சின்னது, பட்ஜெட் பெரிது என்றால் கொஞ்சம் பொதுவாக இருந்தாலே அடிக்கடி மோதும். முதலாவது நிலைமை, இரண்டாவது நிகழ்ச்சி. முதலாவதைப் பார்த்த கையோடு ஆட் செட்டை மூடுகிறவர்கள்தான் அதிகம்.

நான் கையில் எடுத்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஆறு ஆட் செட்: 1% லுக்அலைக், 3% லுக்அலைக், ஆர்வங்களை வைத்து இரண்டு, வடிகட்டல் ஏதுமில்லாத திறந்த ஆடியன்ஸ் ஒன்று, தளத்துக்கு வந்து போனவர்கள் ஒன்று. எல்லாமே வாங்குதலுக்கு ஓடின. ஒரு வாரத்தில் முறையே 24, 13, 7, 4, 5, 9. மொத்தம் 62. ஒன்றுகூட 50ஐத் தொடவில்லை. ஆர்வம் சார்ந்த இரண்டும் பாதி பட்ஜெட்டைக்கூடச் செலவழிக்கவில்லை, எனக்குச் சந்தேகம் வந்தது அதைப் பார்த்துத்தான்.

வந்து போனவர்களை மட்டும் தனியாக விட்டேன், அவர்களிடம் பேச வேண்டியது வேறு. மற்ற ஐந்தையும் ஒன்றாக்கினேன். அதிகம் விற்ற முதல் ஆட் செட்டையே வைத்துக்கொண்டு அதன் ஆடியன்ஸைத் திறந்தேன். லுக்அலைக் கட்டுப்பாடு போய்விட்டால் ஐந்தும் அதற்குள் அடங்கிவிடும். கடந்த 30 நாளில் தளத்துக்கு வந்தவர்களையும் 180 நாளில் வாங்கியவர்களையும் அதிலிருந்து விலக்கினேன். மற்ற நான்கில் நன்றாக ஓடிய விளம்பரங்களை இதற்குள் கொண்டுவந்தேன். நான்கையும் நிறுத்தினேன், அவற்றின் பட்ஜெட்டை இதற்கு மாற்றினேன். இந்தக் கடைசிப் படியை மறந்தால் மொத்தச் செலவு சுருங்கும், பிறகு "ஒன்றாக்கியதால் விற்பனை விழுந்தது" என்று பேச்சு வரும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தேன். ஆடியன்ஸை மாற்றினாலோ புது விளம்பரம் சேர்த்தாலோ கற்றல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நாளுக்கு ஒன்றாகச் செய்தால் தினமும் தொடங்கிக்கொண்டே இருக்கும். முதல் நாலைந்து நாள் செலவு ஏறியது, வாடிக்கையாளர் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தார். இரண்டாம் வாரம் அந்த ஒன்றிலேயே 55 வந்து கற்றல் முடிந்தது. வந்து போனவர்களுக்கான ஆட் செட் இன்றுவரை Learning limited தான். அதை அப்படியே ஏற்றுக்கொண்டோம்.

பூங்கோதை எழுதியது:

அன்வர், விளக்கம் புரிந்தது, விலையேற்றத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் எல்லாவற்றையும் ஒரே குடத்தில் ஊற்றச் சொல்வது போல இருக்கிறதே. நான் தமிழில் ஒரு விளம்பரமும் வேறொரு மொழியில் ஒரு விளம்பரமும் ஓட்டுகிறேன். இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் ஏராளம், மேற்கவிவு கட்டாயம் இருக்கும். அதையும் சேர்க்கணுமா?

அன்வர் எழுதியது:

வேண்டாம் அக்கா. மொழி, நாடு, எதற்காக ஓட்டுகிறோம் என்பது, இவை வேறானால் மேற்கவிவு இருந்தாலும் பிரித்தே வைக்கலாம். ஒரே விளம்பரத்தை ஒரே நோக்கத்துக்கு ஐந்து வேலி போட்டு ஓட்டுவதைத்தான் குறை சொல்கிறேன்.

மாசிலாமணி எழுதியது:

வெட்டை விட்டுக்கொடுக்கிறேன், மேற்கவிவு இருக்கட்டும். வாசலில் நிறுத்தப்படுவதற்கு என்ன சொல்? நிறுத்துவது மெட்டா, நிற்பது நம்முடையது, நிற்கக் காரணமும் நம்முடையது. 'தன்மறிப்பு' எனலாமா?

கயல்விழி எழுதியது:

தன்மறிப்பு! ஆட்கள் பொதுவாக இருந்தால் மேற்கவிவு, அதனால் ஒன்று நின்றுபோனால் தன்மறிப்பு, தீர்வு சேர்ப்பு. "மேற்கவிவு அதிகம், ஆனால் தன்மறிப்பு இல்லை, சேர்ப்பு வேண்டாம்" என்று ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன், ஓடுகிறது. ஆடியன்ஸுக்கும் 'பார்வையாளர்' வேண்டாம் என்று நினைக்கிறேன், இன்னும் எதையும் பார்க்காதவர்கள்தானே. 'இலக்குக்குழு' போடுகிறேன்.

பூங்கோதை எழுதியது:

மறிப்பு என்றால் எனக்குச் சாலை மறியல்தான் நினைவுக்கு வருகிறது. 'உள்விலக்கம்' என்று ஒரு மாற்றை வைக்கிறேன்.

அன்வர் எழுதியது:

விலக்கம் வேண்டாம் அக்கா. வாங்கியவர்களை நாமே விலக்குகிறோமே, அதற்கு அந்தச் சொல் தேவைப்படும். அந்த விலக்கமும் முழுமையாக நடப்பதில்லை. தளத்துக்கு வருகிறவர்களைப் பதிவு செய்யும் பிக்சல் என்ற நிரலை வைத்து விலக்கினால், அது யாரைப் பதிவு செய்ததோ அவர்கள்தான் விலகுவார்கள்.

இன்னொன்று, கயல். அட்வான்டேஜ் பிளஸ் ஆடியன்ஸை வைத்து ஓட்டினால், நாம் கொடுக்கும் ஆர்வமும் லுக்அலைக்கும் வெறும் பரிந்துரைதான். அதைத் தாண்டியும் அது ஆள் தேடும். பட்டியலில் இரண்டு ஆடியன்ஸும் 10% தான் பொது என்று காட்டலாம், ஓடும்போது இரண்டும் ஒரே ஆட்களிடம் போய் நிற்கலாம். வரைந்த எல்லைக்கும் போய்ச்சேரும் எல்லைக்கும் ஒரே 'இலக்குக்குழு' போதுமா?

கயல்விழி எழுதியது:

போதாது போலிருக்கிறது. நாளை மறுநாள் அத்தியாயத்தை அனுப்ப வேண்டும். தன்மறிப்பு என்று போட்டு, பூங்கோதை அக்காவின் மறுப்பை அடிக்குறிப்பில் வைக்கிறேன். அன்வரின் கேள்விக்கு யாரிடமாவது சொல் இருக்கிறதா?