தம்பிக்கு வந்த ஷோ காஸ் நோட்டீஸ் – பதிலை எப்படி எழுதுவது?

வணக்கம். ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தம்பி நிரந்தரத் தொழிலாளி. மூன்று மாதத்தில் 11 நாள் சொல்லாமல் வரவில்லை, வழக்கமாக வராமல் இருப்பது நிலையாணைப்படி ஒழுங்கீனம், ஏழு நாளில் விளக்கம் கொடு என்று நேற்று நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். எந்தெந்த நாள் என்று தேதியே இல்லை.

உண்மையில் 6 நாள் மஞ்சள் காமாலை, இஎஸ்ஐ சான்றிதழ் இருக்கிறது. 2 நாள் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் சொன்னான், அவரும் சரி என்று பதில் போட்டிருக்கிறார். மீதி 3 நாள் யாரிடமும் சொல்லவில்லை, அது அவன் தப்புதான்.

ஹெச்ஆரில் "தவறுக்கு வருந்துகிறேன், மன்னிக்கவும்" என்று மட்டும் எழுதித் தந்தால் போதும் என்கிறார்கள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது, 11 நாளையும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், நாளைக்கு வேறு ஏதாவது வந்தால் பழைய ரெக்கார்டு என்று இதையே எடுத்து வைப்பார்கள் இல்லையா?

அதனால் முதலில் தேதிப் பட்டியலும் வருகைப் பதிவின் நகலும் கேட்டு, கெடுவுக்குள்ளேயே நாள்வாரியாகக் காரணம் எழுதி, சான்றிதழ், வாட்ஸ்அப் நகல்களை இணைத்து, அந்த 3 நாளுக்கு மட்டும் வருத்தம் தெரிவித்து, விடுப்பாகவோ சம்பளப் பிடித்தமாகவோ சரிசெய்யக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். கையில் கொடுத்தால் நகலில் சீலும் தேதியும் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

அந்த 3 நாளை ஒப்புக்கொள்வது விசாரணையில் எதிராகத் திரும்புமா? யூனியன், லேபர் கோர்ட் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது.