லிண்டலுக்குத் துண்டுக் கம்பி: முன்கூட்டியே வெட்டலாமா?

தரைத்தளம் மட்டும் உள்ள சிறிய வீட்டுக்குப் பார் பெண்டிங் ஷெட்யூல் போட்டுக்கொண்டிருக்கிறேன். 12 மி.மீ. கம்பியில் ஒரு சிக்கல்.

ரூஃப் பீமுக்கு, வளைவுக் கழிவு போக, 4.70 மீட்டரில் 20 கம்பிகள் வேண்டும். 12 மீட்டர் கம்பியில் இரண்டு வெட்டினால் 2.60 மீட்டர் மிஞ்சும். லிண்டலுக்குத் தேவை 2.50 மீட்டரில் 8. இரண்டையும் சேர்த்து வெட்டினால் 10 கம்பிகளில் வேலை முடிகிறது. தனித்தனியாக வெட்டினால் 12 ஆகும். கூடுதல் இரண்டின் எடையே சுமார் 21 கிலோ.

ஆனால் லிண்டல் முதலில் வருகிறது, பீம் பிறகுதான். இப்போதே பீம் கம்பிகளை வெட்டி வைத்தால், சுவர் எழும்பியபின் அளவு நாலு சென்டிமீட்டர் கூடினாலும் கம்பி குட்டையாகிவிடும். ஒட்டுப் போட்டால் மிச்சப்படுத்தியது அதிலேயே போய்விடும். கம்பி மேஸ்திரியோ “அந்தந்த வேலைக்கு அப்போது வெட்டலாம்” என்கிறார். அவருக்கென்ன, இரும்புக்குப் பணம் கொடுப்பவர் வீட்டுக்காரர்!

லிண்டலுக்காக இப்போது 4 கம்பிகளில் மட்டும் ஆளுக்கொரு 2.50 மீட்டர் துண்டை வெட்டிக்கொண்டு, மீதியை 9.50 மீட்டராகவே வைக்கலாமா என்றும் யோசித்தேன். அப்போது துண்டு நான்குதான் கிடைக்கும். எட்டுத் துண்டு வேண்டுமென்றால் எட்டுக் கம்பிகளைத் தொட வேண்டும். அதில் வேறு இடையூறு உண்டா? நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?