புதுப்பிப்பு: 4 மணி நேர பேசரின் கடிகாரம்

முன்பு நான் கேட்டிருந்த கேள்வி: "ஊட்டி மாரத்தானில் 4 மணி நேரத்தில் முடிக்க நினைக்கும் குழுவுக்கு, சீரான வேகத்தில் ஓடி வழிநடத்தும் பேசர் நான்தான். ஒவ்வொரு 5 கி.மீ. பலகையிலும் மணி என்ன ஆகியிருக்கணும்?"

5 கி.மீ.க்கு 28:30 என்றார் ஒரு தம்பி. கிட்டத்தட்ட சரி, ஆனால் முடிவில் 31 நொடி தாண்டிவிடும். அனுபவமுள்ள பேசர் அண்ணன் 14,400 நொடியை 42.195ஆல் வகுக்கச் சொன்னார். 5 கி.மீ.க்கு 28:26 வருகிறது. பின்னத்தை முதலிலேயே வெட்டாமல், பெருக்கிய பிறகு முழுமையாக்கணும்.

ஓட்டம் 6:00க்குத் தொடங்கி, கூட்டத்தில் நாங்கள் தொடக்கக் கோட்டைத் தாண்ட 6:01:30 ஆனால், 10இல் 6:58:23, 30இல் 8:52:08, 40இல் 9:49:01. மீதி 2.195 கி.மீ.க்குப் பன்னிரண்டரை நிமிடம் கையில் இருக்கும்.

குன்னூர் அக்கா தன் முட்டி வலியைப் பற்றித்தான் எழுதினார். ஆனாலும் அதில் விஷயம் இருக்கிறது: ஏற்றத்தில் போன நொடிகளை ஒரே இறக்கத்தில் பிடிக்கக் கூடாது.

அந்த 1:30ஐக் கணக்கில் சேர்ப்பதா என்பதில் மட்டும் அண்ணனும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை.