பயிற்சி முடிந்த பிறகு "நீங்கள் ரிசர்வ்" என்றார்கள்

கடற்காகம்: சர்வே எடுக்க ஆள் வேண்டும் என்ற அறிவிப்பில் தினக்கூலி, பயணப்படி, பயிற்சித் தேதிகள் எல்லாம் இருந்தன. 20 பேர் வேலைக்கு 24 பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது மட்டும் இல்லை. கடைசி நாள் மாதிரிப் பேட்டி முடிந்ததும் பட்டியலை வாசித்தார்கள். என் பக்கத்தில் இருந்த பெண்ணின் பெயர் வரவில்லை. "அப்போ இத்தனை நாள் வந்ததற்கு?" என்று கேட்டார். கூலி களப்பணிக்கு மட்டும்தானாம். பஸ் டிக்கெட்டுகளை ஒரு கவரில் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தார். அதை வாங்கிப் பார்க்கக்கூட ஆளில்லை. எனக்கு வேலை கிடைத்தது, ஆனால் அந்தக் கவர் மனதை விட்டுப் போகவே இல்லை.

மேட்டுநிலம்: கூடுதலாகக் கூப்பிடுவதில் தப்பில்லை, நானும் அப்படித்தான் செய்கிறேன். வேலை தொடங்கியதும் ஓரிருவர் நின்றுவிடுவார்கள். பயிற்சி இல்லாத ஒருவரை நடுவில் சேர்த்தால் கேள்வியைத் தன் வார்த்தையில் கேட்பார், பதிலும் மாறிவிடும். ஆனால் பயிற்சிக்கான படியும் பயணச் செலவும் 24 பேருக்கும் பட்ஜெட்டில் இருக்க வேண்டும். தேர்வு பயிற்சிக்குப் பிறகுதான் என்பதையும் அறிவிப்பிலேயே எழுத வேண்டும்.

வெயில்: தினக்கூலியே வேண்டாம். படிவத்துக்கு இவ்வளவு என்று கொடுங்கள், வேலை வேகமாக முடியும். எங்கள் குழுவில் அப்படித்தான் முடிந்தது.

மேட்டுநிலம்: வேகமாக முடியும், சரி. என்ன முடிந்தது என்று பார்த்தீர்களா? எங்கள் படிவத்தில் "வீட்டில் யாருக்காவது கடன் உண்டா?" என்று ஒரு கேள்வி. "இல்லை" என்று போட்டால் அடுத்த 15 கேள்விகளைத் தாண்டிவிடலாம். படிவக் கணக்கில் கூலி வாங்கிய ஒருவருக்கு இரண்டாம் நாளிலிருந்து ஒரு வீட்டில்கூடக் கடன் இல்லை, பேட்டி நேரமும் பாதியாகிவிட்டது. மறுசோதனைக்கு நான் போன வீட்டில் ஒரு அம்மா, "கடனைப் பற்றி யாரும் கேட்கவே இல்லையே" என்றார். அவருக்குக் கடன் இருந்தது. அதற்குப் பிறகு பத்துக்கு ஒரு வீடாவது மறுபடி போய்ப் பார்க்காமல் நான் விடுவதில்லை. தினக்கூலி கொடுங்கள், ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று நியாயமான அளவு வையுங்கள். வீடு பூட்டியிருந்து மறுபடி போக வேண்டிவந்தால் அதையும் வேலையாகக் கணக்கில் எடுங்கள்.

வெயில்: தினக்கூலியில் மரத்தடியில் உட்கார்ந்தே பொழுதைக் கழிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

தும்பை: பயணப்படி பற்றித்தானே பேச்சு? எனக்கு எல்லா நாளும் ஒரே தொகை. தூரத்துப் பகுதி எனக்கு விழுந்தது, பக்கத்துப் பகுதிக்காரருக்கும் அதே படி. டிக்கெட் காட்டினால் மீதியைத் தருவோம் என்றார்கள். ஷேர் ஆட்டோவில் ஏது டிக்கெட்?

கடற்காகம்: தும்பை, எங்களுக்கும் அதே கதைதான். மேட்டுநிலம், உங்கள் ரிசர்வ் ஆட்களுக்குப் படி கடைசி நாளே கையில் கிடைக்குமா, இல்லை வேலையெல்லாம் முடிந்த பிறகா?