புதுப்பிப்பு: மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் நடுக்கம்

என் பழைய பதிவு: "எனக்குச் சர்க்கரை நோய் இல்லை. சாப்பிட்டு மூன்று மணி நேரத்தில் கை நடுங்கி வியர்க்கிறது. வீட்டுக் கருவியில் 58. எதைச் சோதிப்பது?"

குளுக்கோஸ் தண்ணீர் குடித்துப் பார்க்கச் சொன்ன நண்பர் பாதி சரி. சாப்பிட்ட பிறகுதான் அளக்க வேண்டும். ஆனால் வெறும் குளுக்கோஸ் நலமாக இருப்பவர்களுக்கும் பின்னர் சர்க்கரையை இறக்கிவிடக்கூடும் என்று மருத்துவர் மறுத்துவிட்டார். செவிலியர் அக்கா இங்கே கேட்டதையே அவரும் முதலில் கேட்டார்: இரைப்பையில் அறுவை நடந்ததா? அப்படி நடந்தவர்களுக்கு உணவு சட்டென்று குடலுக்கு இறங்கி, இன்சுலின் மிகையாகச் சுரக்கும். எனக்கு இல்லை.

வழக்கமான சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு வறுவலையே கட்டிக்கொண்டு போனேன். சாப்பிட்டபின் ஐந்து மணி நேரம், அரை மணிக்கு ஒருமுறை நரம்பிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். மூன்றாம் மணியில் விரல்கள் நன்றாகவே நடுங்கின. ஆய்வக அளவு 71! 55-க்குக் கீழே போயிருந்தால்தான் அதே ரத்தத்தில் இன்சுலினும், உடல் இன்சுலினைச் சுரக்கும்போது கூடவே வரும் சி-பெப்டைடும் பார்த்திருப்பார்கள். தாழ்ந்த அளவுகளில் வீட்டுக் கருவி பிசகுமாம்.

சர்க்கரை அவ்வளவு இறங்கவில்லையென்றால் நடுக்கம் எதனால்? தைராய்டையும் இதயத் துடிப்பையும் அடுத்த வாரம் பார்க்கிறார்கள்.