சொட்டுநீர் ஸ்லைடுகள்: எந்தச் சொல்லை வைப்பது?

வணக்கம். பாலக்கோடு பக்கத்துத் தக்காளி விவசாயிகளின் பயிற்சிக்காக, சொட்டுநீர் பற்றிய ஆங்கில ஸ்லைடுகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கடையில் கேட்டு வாங்கும் பொருளையெல்லாம் லேட்டரல், டிரிப்பர், வெஞ்சுரி என்றே விட்டுவிட்டேன். டிரிப்பரை ‘உமிழி’ என்று கேட்டால் ராயக்கோட்டைக் கடைக்காரர் எதை எடுத்துக் கொடுப்பார்? செய்கிற வேலைக்கு மட்டும் தமிழ்: அடைப்பு எடுப்பது, லேட்டரல் கடைசியைத் திறந்து கழுவிவிடுவது.

‘ஃபெர்டிகேஷன்’தான் தீரவில்லை. ‘உரப்பாசனம்’ என்று போட்டுப் படிக்கக் கொடுத்தேன். உரம் வைத்துவிட்டு அதன்மேல் தண்ணீர் பாய்ச்சுவது என்று எடுத்துக்கொண்டார்கள். ஸ்லைடு சொல்வதோ வேறு: முதலில் வெறும் தண்ணீர், பிறகு வெஞ்சுரி வழியாகக் கரைத்த உரம், கடைசியில் மறுபடி வெறும் தண்ணீர். அந்தக் கடைசித் தண்ணீரையும் பாய்ச்சினால்தான் குழாயில் உரம் தங்கி டிரிப்பரை அடைக்காது.

இப்போதைக்கு ‘சொட்டுநீரோடு உரம் விடுவது’ என்று வைத்திருக்கிறேன். தலைப்புக்கு நீளம், ஆனால் படித்ததும் புரிகிறது. அடுத்தது, வெஞ்சுரி உரத்தை உறிஞ்ச அதன் இரு பக்கமும் பிரஷர் வித்தியாசம் வேண்டும். அங்கே ‘அழுத்தம்’ என்பதா, ‘பிரஷர்’ என்பதா?

தர்மபுரி, கிருஷ்ணகிரியில் சொட்டுநீர் போட்டிருப்பவர்கள், உங்கள் தோட்டத்தில் இந்த இரண்டையும் எப்படிச் சொல்கிறீர்கள் என்று அப்படியே எழுதுங்கள்.