மதிப்பாய்வு அறிக்கை: இது ஒரு பெரிய குறையா, இரண்டா?

மீன் தீவனக் கட்டுரை ஒன்றை மதிப்பாய்வு செய்கிறேன். அறிக்கை தர 4 நாள்தான் இருக்கிறது. தீவனத்துக்கு 3 தொட்டி, தொட்டிக்கு 30 மீன். கட்டுரையாசிரியர்கள் மாதிரி எண்ணிக்கை n = 90 என்கிறார்கள். தீவனம் போட்டது தொட்டிக்கு, ஆக n = 3 தான்.

முதல் வரைவைப் பக்க வரிசையில் எழுதினேன். இந்த விஷயம் எழுத்துப்பிழைகளுக்கு நடுவே 14-ஆவதாகப் புதைந்துவிட்டது. அப்புறம் பெரிய குறை, சிறு குறை எனப் பிரித்து இதை முதலில் வைத்தேன். "புள்ளியியல் தவறு" என்பதை "தொட்டிச் சராசரிகளை வைத்து மறுபடி கணக்கிடுங்கள்" என்று மாற்றினேன். படிப்பவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரிய வேண்டுமே.

ஆனால் மறுகணக்கில் வேறுபாடு மறைந்தால் "வளர்ச்சி கூடியது" என்ற முடிவுரையும் நிற்காது. முடிவுரையைத் திருத்தச் சொல்வதை இதே குறிப்பில் சேர்க்கலாமா, தனிப் பெரிய குறையாக எழுதவா?